ஏழு பட்டைகளை எப்படிப் பிரிப்பது?

2x² + 7x + 6 என்ற இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால், மேல்வகுப்பு மாணவர்கள் முதலில் 2-ஐயும் 6-ஐயும் பெருக்குவார்கள். பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் எண்கள் 3, 4. விடை வந்துவிடும். ஆனால் தலையில் இருக்கும் 2-ஐ வாலில் இருக்கும் 6-ஓடு ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. அதை அட்டைத் துண்டுகளை வைத்துக் கண்ணால் பார்த்துவிடலாம்.

மூன்று வகை ஓடுகள் போதும். பக்கம் x உள்ள சதுரம் x². நீளம் x, அகலம் 1 உள்ள பட்டை x. பக்கம் 1 உள்ள சிறு சதுரம் 1. சிறு சதுரத்தின் பக்கம் 1 செ.மீ. என்றால் x-ஐ 5.3 செ.மீ. என்பதுபோல வெட்டுங்கள். சரியாக 5 செ.மீ. வெட்டினால், x என்றாலே 5 என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

இப்போது 2 பெரிய சதுரம், 7 பட்டை, 6 சிறு சதுரம். இடைவெளி இல்லாமல் ஒரே செவ்வகமாக அடுக்க வேண்டும். பெரிய சதுரங்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள். சிறு சதுரங்களை அவற்றின் வலது கீழ் மூலையில், அகலத்தில் 2, உயரத்தில் 3 என்று வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் 2 பட்டை, கீழே 6 பட்டை, ஆக 8 தேவை. ஒன்று குறைகிறது. அதே ஆறையும் திருப்பி, அகலத்தில் 3, உயரத்தில் 2 என்று வையுங்கள். வலப்பக்கம் 3 பட்டை, கீழே 4 பட்டை. கச்சிதமாகப் பொருந்துகிறது. செவ்வகத்தின் அகலம் 2x + 3, உயரம் x + 2. இவைதான் காரணிகள்.

7x எப்படி 3x, 4x என்று பிரிந்தது என்பது கண்முன்னே இருக்கிறது. செவ்வகத்தின் நான்கு கட்டங்களும் 2x, 3 என்ற அகலங்களாலும் x, 2 என்ற உயரங்களாலும் ஆனவை. எதிரெதிர் மூலையில் உள்ள இரு கட்டங்களைப் பெருக்கினால் இந்த நான்கு நீளங்களும் ஒவ்வொரு முறை வந்துவிடும். எந்த மூலைவிட்டத்தை எடுத்தாலும் இதுதான். எனவே 2x² × 6, 3x × 4x இரண்டுமே 12x². தலையையும் வாலையும் பெருக்குவதற்குக் காரணம் இதுவே.

இனி எழுத்தில்:

2x² + 3x + 4x + 6 = x(2x + 3) + 2(2x + 3) = (2x + 3)(x + 2)

முதல் பகுதி மேல் வரிசை, அடுத்தது கீழ் வரிசை. இரண்டுக்கும் அகலம் ஒன்றே. பொதுக்காரணி என்று வெளியே எடுப்பது அந்த அகலத்தைத்தான்.

கழித்தல் குறி வந்தால் ஓட்டின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். x² + x − 6-இல் ஒரு பட்டை மட்டும் இருப்பதால் செவ்வகம் நிறையாது. நேர்ப் பட்டை இரண்டும் எதிர்ப் பட்டை இரண்டும் சேர்த்தால் மதிப்பு மாறாது. 3x, −2x என்று அடுக்கி (x + 3)(x − 2) பெறலாம். ஆனால் எதிர் நீளம் என்று ஒன்று கிடையாது என்பதால், பரப்பு என்ற படம் இங்கே தளர ஆரம்பிக்கிறது.

6x² + 31x + 35-க்கு 72 ஓடுகள் வேண்டும். அங்கே ஓடுகளை விட்டுவிட்டு, நான்கு கட்டங்களை மட்டும் வரையுங்கள். பெருக்கினால் 210, கூட்டினால் 31 வரும் எண்கள் 21, 10. விடை (3x + 5)(2x + 7).