ஸ்ரெரோயிட்டு மருந்தும் என்பு நலிவும்

1948 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணொருத்திக்குப் பிலிப் ஹெஞ்ச் என்பார் கோட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களுள் அவள் எழுந்து நடந்தாள். அவ்வினத்து மருந்துகளையே இன்று ஸ்ரெரோயிட்டு என வழங்குகின்றோம். ஆயின், அவ்வினச் சுரப்பு மிகுந்தோரின் முதுகென்பு மெலிவதை ஹாவி குஷிங் 1932 இலேயே விபரித்திருந்தார்.

என்பு கல்லன்று; ஓயாது இடித்துக் கட்டப்படும் உயிருள்ள மனை. ஸ்ரெரோயிட்டு, கட்டும் கலங்களைக் குறைத்து, என்பினுள்ளே உறையும் கலங்களையும் மாய்க்கின்றது. தொடக்கத்தில் இடிக்கும் கலங்களின் ஆயுளையோ நீட்டுகின்றது. ஆதலின் முதல் மாதங்களிலேயே இழப்பு மிகுதி. என்படர்த்தியைக் கதிர்ப்படம் அளக்கும். என்பின் தரத்தை அளவாது. படத்திலே அடர்த்தி பெரிதும் குறையாதிருக்கையிலும் என்பு முறிதல் இதனாலேயே. படத்தை மட்டும் நம்பிக் காத்திருத்தல் தவறென்பது எம் கருத்து.

நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிறெட்னிசொலோனை மூன்று மாதங்களுக்கு மேல் உண்போர் அனைவருக்கும், தொடங்கி ஆறு மாதங்களுள் முறிவு அபாயத்தைக் கணித்தல் வேண்டும். உதாரணமாக, வாதநோய்க்காக நாளும் 15 மில்லிகிராம் உண்ணும் 64 வயது மாதொருவரைக் கொள்வோம். வயது, நிறை, முன்முறிவு முதலியவற்றைக் கொண்டு கணிக்கும் ஃபிராக்ஸ் என்னும் கருவி, பத்தாண்டுகளுள் பெருமுறிவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 18 என்கின்றது. அக்கருவி மருந்தின் சராசரி அளவையே கருதுவது. 7.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் விடையை 1.15 ஆற் பெருக்கல் வேண்டும். பெருக்க, 20.7 ஆகின்றது. அமெரிக்க வாதவியற் கல்லூரி 2022 இல் வகுத்த நெறியின்படி 20 தொட்டால் அபாயம் உயர்ந்தது. இச்சிறு பெருக்கலை மறந்தால் அம்மாது மிக வேண்டிய மருந்தின்றியே விடப்படக்கூடும்.

அவருக்குக் கல்சியமும் விற்றமின் டீயும் மட்டும் போதா. அலென்றோனேற்று 70 மில்லிகிராம் குளிசையை வாரம் ஒருமுறை, காலையில் வெறுவயிற்றில், வெறுந்தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் உண்ணாமலும் படுக்காமலும் இருத்தல் வேண்டும். தேநீருடன் விழுங்குவோர்க்கு மருந்து உடலிற் சரிவரச் சேர்வதில்லை. உடனே படுப்போர்க்கு உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். சிறுநீரகம் மிக நலிந்தோர்க்கு இது ஆகாது. அத்தகையோர்க்கு ஆறு மாதத்துக்கொருமுறை டெனோசுமாப் ஊசி ஏற்றலாம். எனினும் அவர்க்குக் குருதிக் கல்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடுமாதலால் அதனை அளந்தே ஏற்றுவர். அவ்வூசியைத் தவறவிட்டால் இழப்பு மீண்டு பாய்ந்து, முள்ளென்புகள் பல ஒருங்கே முறிதலும் உண்டு. நிறுத்துவதாயின் வேறொரு மருந்து தொடர வேண்டும்.

பின்னர் ஓரிரு ஆண்டுக்கொருமுறை அடர்த்தியை அளப்பர். ஆயினும் முள்ளென்பு முறிவு பலருக்கு நோவின்றியே நிகழ்வது. சுவரிலே உயரத்தைக் குறித்து வைத்து, சில சென்ரிமீற்றர் குறைந்தால் முதுகைப் பக்கவாட்டிற் படமெடுப்பித்தல் நன்று. இவற்றையறிந்து அஞ்சி ஸ்ரெரோயிட்டைத் தாமே திடீரென நிறுத்துவோரும் உளர். நெடுநாள் உண்டவரின் சுரப்பி உறங்கிக் கிடப்பதால் அது உயிருக்கே இடராகலாம். வைத்தியரே அதனைப் படிப்படியாகக் குறைப்பார்.