பைசாவை முந்தி ரவுண்ட் செய்தால் 13,000 ரூபாய் வரி

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நெருங்கிவிட்டது. வாசகர் கடிதங்களில் இந்த முறை அதிகம் வந்த கேள்வி: “நான் பேப்பரில் போட்ட கணக்கும் கம்ப்யூட்டர் காட்டும் தொகையும் பத்து ரூபாய் ஒத்துப்போகவில்லை. யார் சொல்வது சரி?” பத்து ரூபாய்தானே என்று இதை விட்டுவிட முடியாது. சிலருக்கு அந்தப் பத்து ரூபாய் பதின்மூன்றாயிரம் ரூபாயாக வளர்ந்துவிடும்.

1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இரண்டு இடங்களில் பத்தின் மடங்குக்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறது. பிரிவு 288ஏ மொத்த வருமானத்துக்கு, அதாவது எல்லாக் கழிவும் போக வரி போடப்படும் தொகைக்கு. பிரிவு 288பி கடைசியில் கட்டவேண்டிய தொகைக்கும் திரும்ப வரவேண்டிய ரீஃபண்டுக்கும். இரண்டிலும் வழி ஒன்றுதான். முதலில் பைசாவை விட்டுவிட வேண்டும். பிறகு கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த பத்துக்கு ஏற்ற வேண்டும், ஐந்துக்குக் கீழே இருந்தால் இறக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம், பைசாவை ‘விட்டுவிட வேண்டும்’ என்பது. ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாய் என்று நாம் பழகியிருக்கிறோம். ஜிஎஸ்டி சட்டமும் அதன் 170-வது பிரிவில் அப்படித்தான் சொல்கிறது. வருமான வரியில் அந்தப் பழக்கம் செல்லாது. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

84 ரூபாய் 50 பைசாவை எடுத்துக்கொள்வோம். இதற்கு 80 கிட்டவா, 90 கிட்டவா? 80-க்கு நாலரை ரூபாய் தூரம், 90-க்கு ஐந்தரை ரூபாய் தூரம். ஆகவே 80. பைசாவை விட்டால் 84, அதிலிருந்து 80. விடை சரியாக வருகிறது. பழக்கப்படி முதலில் ரூபாய்க்கு ரவுண்ட் செய்தால் 85 ஆகிறது, 85 உடனே 90 ஆகிவிடுகிறது. இரண்டு முறை ரவுண்ட் செய்ததில், தொகை தப்பான பக்கம் சாய்ந்துவிட்டது. பைசாவை வெட்டிவிட்டால் இந்தச் சறுக்கல் எந்த எண்ணிலும் வராது. சட்டத்தை எழுதியவர்கள் ஒரே சொல்லில் அந்த வழியை அடைத்திருக்கிறார்கள். வரிச் சட்டத்தில் இவ்வளவு சுத்தமாக எழுதப்பட்ட விதிகள் குறைவு.

ஆனால் அடைப்பு கடைசிப் படியில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய படிகளில் நாமே ரவுண்ட் செய்துகொண்டு போனால் சட்டம் காப்பாற்றாது.

ஓர் உதாரணம். அறுபது வயதுக்குக் கீழே உள்ள ஒருவர், பதின்மூன்று லட்சத்தைத் தாண்டிய சம்பளம். வாடகை வீட்டில் இருக்கிறார், சொந்த ஊர் வீட்டுக்குக் கடன் கட்டுகிறார், சேமிப்பும் காப்பீடும் உண்டு. இவரைப் போன்றவர்களுக்குத்தான் பழைய வரிமுறை இன்னும் லாபம். எல்லாக் கழிவும் போக அவர் சம்பளத்தில் மிஞ்சுவது 4,91,600 ரூபாய். மூன்று வைப்புத்தொகைகளிலிருந்து வட்டி 4,215.50, 2,310.50, 1,877.50 ரூபாய். பைசாவோடு கூட்டினால் 8,403.50. மொத்த வருமானம் 5,00,003.50. பைசாவை விட்டு, பத்துக்கு இறக்கினால் 5,00,000.

பழைய முறையில் மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் கீழ் 12,500 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. அவருக்கு வரும் வரியும் சரியாக 12,500. ஆகவே அவர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை.

அவரே மூன்று வட்டியையும் தனித்தனியாக ரூபாய்க்கு ரவுண்ட் செய்து 4,216, 2,311, 1,878 என்று எழுதிக்கொண்டால்? கூட்டுத்தொகை 8,405. மொத்த வருமானம் 5,00,005. கடைசி இலக்கம் ஐந்து என்பதால் அது 5,00,010 ஆகிறது. தள்ளுபடி முழுவதும் போய்விடும். வரி 12,502, நான்கு சதவீத செஸ் 500 ரூபாய் 8 பைசா, ஆக 13,002.08. பத்துக்கு ரவுண்ட் செய்தால் 13,000 ரூபாய். வட்டிக் கணக்கில் கூடியது ஒன்றரை ரூபாய்தான்.

இது இவ்வளவு கொடுமையாக ஆவதற்கு இரண்டு காரணம். ரவுண்ட் செய்த தொகையையே மொத்த வருமானமாக ‘கருத வேண்டும்’ என்கிறது 288ஏ. தள்ளுபடி உண்டா இல்லையா என்று பார்ப்பதும் அந்தத் தொகையை வைத்துத்தான். இரண்டாவது, பழைய முறையில் ஐந்து லட்சத்தை ஒட்டிச் சரிவு கிடையாது, செங்குத்தான பள்ளம்தான். புதிய முறையில் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி விளிம்பு நிவாரணம் இருக்கிறது. வருமானம் 12,00,010 ஆனாலும் வரி, எல்லையைத் தாண்டிய பத்து ரூபாயை மிஞ்சாது. செஸ் நாற்பது பைசா சேர்த்து, கட்டுவது பத்து ரூபாய். புதிய முறைக்குத் தந்த இந்த நிவாரணத்தைப் பழைய முறைக்கு மறுத்ததில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ரவுண்ட் செய்வதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லப்படுகிறது. அது பார்த்துக்கொள்வது கடைசிப் படியை மட்டும்தான். கட்டங்களில் முழு ரூபாய்தான் ஏறும். அதற்குள் நீங்கள் எதை, எத்தனை முறை ரவுண்ட் செய்து எழுதினீர்கள் என்பது மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. எனவே வங்கிகள் தரும் வட்டிச் சான்றிதழ்களைப் பைசாவோடு கூட்டுங்கள். கூட்டிய பிறகு, ஒரே ஒரு முறை பைசாவை விடுங்கள். ஒவ்வொரு வரியிலும் பைசாவை வெட்டுவதும் சரியல்ல. மேலே உள்ள கணக்கில் அப்படிச் செய்தால் வட்டி 8,402 என்று குறைந்துவிடும். சட்டம் பைசாவை விடச் சொல்வது மொத்தத்தில்தான். ஐந்து லட்சம், பன்னிரண்டு லட்சம் போன்ற எல்லைகளுக்குப் பத்து ரூபாய் தூரத்தில் இருப்பவர்கள் தாக்கல் செய்யும் முன் பேப்பரில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது அவசியம்.

கடைசிப் படியிலும் எந்த இடத்தில் ரவுண்ட் செய்கிறோம் என்பது முக்கியம். வரி 13,002 ரூபாய், டிடிஎஸ் பிடித்தது 12,997 என்றால் பாக்கி 5 ரூபாய், அது 10 ஆகும். வரியை முதலிலேயே 13,000 என்று இறக்கிவிட்டுக் கழித்தால் பாக்கி 3, அது பூஜ்யம் ஆகிவிடும். 288பி பேசுவது கட்டவேண்டிய பாக்கியைப் பற்றி. ஆகவே முதல் வழியே சரி. கடிதம் எழுதியவர்களில் பலருக்கு இடறிய இடம் இதுதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஐந்து ரூபாய் எப்போதும் அரசுக்கே சாதகமா? இல்லை, ரீஃபண்டு 5 ரூபாய் என்றாலும் 10 ஆகும்.

தாமத வட்டிக்கும் பத்துதானா? இல்லை, வட்டி போடும் அசல் தொகையில் நூறுக்குக் குறைந்த மிச்சத்தை விட்டுவிட வேண்டும் என்கிறது விதி 119ஏ, 10,999 என்றால் 10,900-க்குத்தான் வட்டி.

மாதத்தில் நாலு நாள் தாமதமென்றால்? முழு மாதமாகக் கணக்கு.

தாமதக் கட்டணத்துக்கும் இந்த ரவுண்ட் உண்டா? உண்டு, மொத்த வருமானம் 5,00,000 வரை 1,000 ரூபாய், 5,00,010 ஆனால் 5,000 ரூபாய்.

கெடு தாண்டியபின் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கலாமா? சம்பளக்காரர்களுக்கு முடியாது.

தவறாக ஏற்றிவிட்டேன், என்ன செய்வது? திருத்தக் கணக்கு தாக்கல் செய்யுங்கள்.