பக்கத்தில் உட்காரும் நண்பனே வாத்தியார்: அது பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சென்னை எழும்பூரில் ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடந்த ஆண்கள் அனாதை இல்லத்தில், 1790களில் ஒரு சிக்கல் எழுந்தது. இல்லத்தைக் கவனித்துவந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்திருந்தார். அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, கீழ் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வைத்தார். பையன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றார்கள். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் பெல் புத்தகமாக வெளியிட, அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது.

திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் இன்றைய ஆசிரியர் ஒருவர் பெல்லிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "அந்தப் பையன் சொல்லிக்கொடுத்ததால்தான் மற்றவர்கள் கற்றார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எப்படியும் கற்றிருப்பார்கள் அல்லவா?"

ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் பணியில் உள்ள ஆசிரியர்களும் எழுதும் செயலாய்வுத் திட்டம் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். செயலாய்வு என்பது ஆசிரியர் தம் வகுப்பிலேயே ஒரு சிக்கலைக் கண்டு, ஒரு மாற்றத்தைச் செய்து, பலனை அளந்து, அடுத்த அடியை முடிவு செய்வது. 'சகமாணவர் கற்பித்தலால் தொடக்கநிலை மாணவரின் வாசிப்புச் சரளம் கூடுகிறதா?' என்பது அதற்கு நன்றாகப் பொருந்தும் தலைப்பு. எளிதாகத் தவறிப்போகும் தலைப்பும் அதுதான்.

வழக்கமாக நடப்பது இது. மெல்லக் கற்போர் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து முன்தேர்வு வைப்பார்கள். இரண்டு மாதம் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள். பின்தேர்வில் மதிப்பெண் கூடியிருக்கும். உடனே 'கருதுகோள் ஏற்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஏழு வயதுக் குழந்தை அறுபது நாளில் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் முன்னேறும். முன்தேர்வு அன்று காய்ச்சலாலோ பயத்தாலோ குறைவாக வாசித்த குழந்தையும் அந்தப் பத்துப் பேரில் சேர்ந்திருக்கும். அடுத்த முறை அது தன் இயல்பான நிலைக்குத் திரும்பினாலே 'முன்னேற்றம்' போலத் தெரியும்.

ஆகவே திட்டத்தில் முதலில் முடிவாக வேண்டியது எதோடு ஒப்பிடுவது என்பது.

மூன்றாம் வகுப்பில் 24 குழந்தைகள், ஒரே ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவர் பத்து வாரத்துக்குத் திட்டம் போடுகிறார். முதல் இரண்டு வாரம் அளவீட்டுக்கும் பயிற்சிக்கும். வாசிப்புத் திறன்படி குழந்தைகளை 1 முதல் 24 வரை வரிசைப்படுத்தி, பட்டியலை நடுவில் இரண்டாகப் பிரிக்கிறார். முதலாமவருக்கு இணை 13ஆம் குழந்தை, இரண்டாமவருக்கு 14ஆம் குழந்தை, இப்படியே 12க்கு 24. முதலாமவரையும் கடைசிக் குழந்தையையும் சேர்த்தால் இடைவெளி மிகப் பெரிதாகி, ஒருவருக்குச் சலிப்பும் மற்றவருக்குக் கூச்சமும் வரும். இந்த இணைசேர்ப்பு, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் இருவரும் உருவாக்கிய முறை. அவர்கள் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில் 12 பள்ளிகளின் 40 வகுப்புகள் இருந்தன. பாதி வகுப்புகள் 15 வாரம் இம்முறையைச் செய்தன, பாதி செய்யவில்லை. செய்த வகுப்புகளில் மெல்லக் கற்போர் மட்டுமல்லாமல் சராசரியாகப் படிப்போரும் கூடுதலாக முன்னேறினார்கள்.

இப்போது பன்னிரண்டு இணைகளின் எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்குகிறார் ஆசிரியை. முதலில் வந்த ஆறு இணைகள் மூன்றாம் வாரத்தில் தொடங்கும், மற்ற ஆறும் ஏழாம் வாரத்தில். யாரும் விடுபடுவதில்லை, சிலர் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பே அவருக்கு ஒப்பீட்டுக் குழுவைத் தருகிறது.

காத்திருக்கும் குழந்தைகளைச் சும்மா விடக் கூடாது. முதல் குழு வாசிக்கும் அதே இருபது நிமிடம் அவர்களும் அதே பத்தியைத் தனியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். இல்லையென்றால் முன்னேற்றத்துக்குக் காரணம் நண்பனா, கூடுதலாகக் கிடைத்த வாசிப்பு நேரமா என்று பிரித்தறிய முடியாது. இந்த ஒரு வரி பல திட்டங்களில் இருப்பதில்லை.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம். நன்றாகப் படிக்கும் குழந்தை முதலில் ஐந்து நிமிடம் வாசிக்கும். அதே பகுதியை இணைக் குழந்தை அடுத்த ஐந்து நிமிடம் வாசிக்கும். முன்பே காதில் விழுந்த பகுதி என்பதால் இரண்டாமவருக்குத் தடுமாற்றம் குறையும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் விரலால் தொடர்ந்து கவனிப்பார். பிறகு இரண்டு நிமிடம், படித்ததைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். மீதி நேரம் புத்தகம் எடுக்கவும் குறிப்பு எழுதவும்.

பிழை வந்தால் என்ன செய்வது என்பதைக் குழந்தைகளுக்கு நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். "இரு, அந்த வார்த்தையை இன்னொரு தடவை பாரு" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் நான்கு எண்ண வேண்டும். அப்போதும் வராவிட்டால் சொல்லைச் சொல்லலாம். பிறகு "வரியை முதல்லேர்ந்து படி" என்று சொல்ல வேண்டும். முறை பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். நன்றாகப் படிக்கும் குழந்தைக்குப் பொறுமை இருக்காது. நான்கு எண்ணுமுன் சொல்லைச் சொல்லிவிடும், மற்றது கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லும். ஆசிரியை ஒவ்வொரு நாளும் மூன்று இணைகள் அருகில் நின்று கேட்டு, எத்தனை பிழைக்கு உண்மையில் காத்திருந்தார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பத்தி மனப்பாடமாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், நடுவரி ஒன்றைச் சுட்டி "இங்கிருந்து படி" என்றால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது அளவீடு. குழந்தை முன்பு பார்க்காத பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கும். ஆசிரியை தம் படியில் பிழைகளைக் குறிப்பார். ஒரு குழந்தை ஒரு நிமிடத்தில் 34ஆம் சொல்வரை வந்தது, ஆறு இடத்தில் தடுக்கியது, அதில் இரண்டைத் தானே மூன்று விநாடிக்குள் திருத்திக்கொண்டது என்றால் பிழை நான்கு, சரியான சொற்கள் 30. எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் ஒரு முறை இது போதும். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் மட்டும் மூன்று பத்திகள் கொடுத்து நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் கூடுதலாக மூன்று முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 'மரம்' என்பதும் ஒரு சொல், 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பதும் ஒரு சொல். முதலாவதில் மூன்று எழுத்து, இரண்டாவதில் பன்னிரண்டு. வேற்றுமை உருபும் பின்னொட்டும் சொல்லோடு ஒட்டும் மொழியில் சொற்களை மட்டும் எண்ணிப் பத்திகளை ஒப்பிட்டால், கடினமான பத்தி வந்த வாரத்தில் வகுப்பே பின்தங்கியதாகத் தெரியும். எனவே எல்லாப் பத்திகளிலும் சொல்லுக்குச் சராசரி எழுத்து ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 'வந்தார்கள்' என்று அச்சில் இருப்பதைக் குழந்தை 'வந்தாங்க' என்று வாசிப்பது. பொருள் புரிந்திருக்கிறது, ஆனால் எழுத்தைப் பார்த்து வாசிக்கவில்லை. அதைப் பிழையாகக் கொள்ளலாம், கொள்ளாமலும் விடலாம். எதுவானாலும் முதல் வாரமும் பத்தாம் வாரமும் ஒரே விதி வேண்டும். மூன்றாவது, ழகரம். வீட்டில் 'பளம்' என்று பேசும் குழந்தை 'பழம்' என்பதை அப்படியே ஒலித்தால் அது உச்சரிப்பு வழக்கு. வாசிப்புப் பிழையில் சேர்க்கத் தேவையில்லை.

'நிபுண் பாரத்' திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் செயலாய்வில் ஒரு குழந்தையை அந்த எண்ணோடு ஒப்பிடுவதைவிட, அதன் சென்ற வார எண்ணோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

பத்து வாரம் முடிந்ததும் வரைதாளில் இரண்டு கோடுகள் கிடைக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை முதல் குழுவின் கோடு வேகமாக ஏறி, காத்திருந்த குழுவின் கோடு மெதுவாகவே ஏறி, ஏழாம் வாரம் தொடங்கியதும் இரண்டாவது கோடும் செங்குத்தாகத் திரும்பினால், மாற்றத்துக்குக் காரணம் நண்பன்தான் என்று ஆசிரியை நம்பிக்கையோடு எழுதலாம். இரண்டு கோடும் தொடக்கம் முதலே சேர்ந்து ஏறியிருந்தால், பாராட்டு வழக்கமான வகுப்புக்கும் கூடுதல் வாசிப்புக்கும் போக வேண்டும். குழுவுக்குப் பன்னிரண்டே பேர் என்பதால் இரண்டு குழந்தைகள் நீண்ட விடுப்பில் போனாலே சராசரி மாறிவிடும். அதனால் ஒவ்வொரு குழந்தையின் கோட்டையும் தனியாக வரைந்து இணைக்க வேண்டும்.

இந்த முறை எல்லாக் குழந்தைக்கும் உதவாது. எழுத்துகளையே இன்னும் அடையாளம் காணாத குழந்தை, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் சொல்லில் அரும்பு நிலையில் இருக்கும் குழந்தை, பத்தி வாசிப்பில் ஒன்றும் பெறாது. அதற்கு எழுத்து அட்டையும் ஆசிரியரின் நேரடிக் கவனமும்தான் தேவை. திட்டத்திலேயே அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

சம வயதுத் துணையும் எங்கும் பலித்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டாரத்தில் 129 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. அதில் மூத்த வகுப்புப் பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிகளில் பலன் தெரிந்தது, ஒரே வகுப்புப் பிள்ளைகள் இணைந்த இடங்களில் அப்படித் தெரியவில்லை. நம் ஈராசிரியர் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருப்பது சாதாரணம். அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு இணைத்துப் பார்ப்பது அடுத்த சுற்றுக்குரிய கேள்வியாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறிவிட்டால் அந்தத் தாளை மறைத்துவிட்டு 'கருதுகோள் ஏற்கப்பட்டது' என்று எழுத வேண்டாம். 'எங்கள் வகுப்பில் வேறுபாடு தெரியவில்லை' என்று வரைதாளோடு ஒப்படையுங்கள். அதைப் படிக்கும் அடுத்த பள்ளி ஆசிரியை, அதே பத்து வாரத்தை வேறு முறையில் தொடங்குவார்.