கிறுக்கிய தாளும் ஊசல் அறிக்கையும்

தனி ஊசல் சோதனையில் எழுதப்படும் அப்சர்வேஷன் தாள் பெரும்பாலும் அலங்கோலமாகவே இருக்கும். அருகில் கிடக்கும் செய்முறைக் கையேடோ நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை என்று ஒழுங்காக அடுக்கியிருக்கும். கையேட்டின் தலைப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு எண்களை இடையிடையே நிரப்பினால் அறிக்கை ஆகிவிடாது. செய்ய வேண்டியதைச் சொல்வது கையேடு. உண்மையில் நடந்ததைச் சொல்வது தாள். இரண்டும் விலகும் இடங்களில்தான் விவாதப் பகுதிக்கான செய்திகள் கிடைக்கின்றன.

ஒரு தாளை உதாரணமாகக் கொள்வோம். நூலின் நீளம் 60, 70, 80, 90, 100, அலகு எழுதப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 20 அலைவுகளுக்கான நேரம்: 31.4, 33.9, 36.2, 38.4, 40.4. 80க்கு எதிரே மட்டும் இரண்டாம் முறை எடுத்த 34.4 என்ற எண்ணும் இருக்கிறது. ஓரத்தில், எதற்கென்று சொல்லாமல், ‘வெர்னியர் 2.4’. ஊசலை எவ்வளவு கோணம் விலக்கி விட்டார்கள் என்ற குறிப்பு எங்கும் இல்லை.

முதலில் உருவாக வேண்டியது அட்டவணை. நோக்கம், தத்துவம் போன்றவற்றைக் கையேட்டைப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நீளத்துக்கு செ.மீ., நேரத்துக்கு வினாடி என்று அலகுகளை நிரல் தலைப்பிலேயே இட்டு, 20 அலைவுக்கான நேரம், ஓர் அலைவுக்காலம் T, அதன் வர்க்கம் T² என்று நிரல்களைப் பிரிக்க வேண்டும். தாளில் உள்ள எந்த எண்ணும் விடுபடக் கூடாது, 34.4 உட்பட.

அந்த 34.4-ஐ என்ன செய்வது? பலரும் இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுவிடுகிறார்கள், அது தவறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.8 வினாடி. அந்த நீளத்தில் ஓர் அலைவுக்காலமும் சுமார் 1.8 வினாடிதான். ஆக, இரண்டாம் முறை எண்ணப்பட்டவை 19 அலைவுகளே. கடிகாரத்தை ஓடவிடும்போது ‘சுழியம்’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். அட்டவணையில் அந்த எண்ணை ஒரு கோடால் அடித்துக் காட்டி, கணக்கில் சேர்க்காததற்கான காரணத்தை விவாதத்தில் எழுத வேண்டும். வித்தியாசம் 0.7 வினாடியாக இருந்திருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது. அப்போது அளவை நீக்கவும் உரிமையில்லை.

அடுத்தது கணக்கீடு. T² = 4π²L/g என்ற வாய்ப்பாட்டில் 60 செ.மீ. வரிசையைப் போட்டால் g 9.61 வருகிறது, 100 செ.மீ. வரிசைக்கு 9.68. இரண்டுமே குறைவு, அதிலும் நீளம் குறைந்த ஊசலில் குறை அதிகம். வாய்ப்பாடு கேட்கும் L, தாங்கியிலிருந்து குண்டின் மையம் வரையிலான தூரம். தாளில் இருப்பதோ நூலின் நீளம் மட்டும். ஓரத்து 2.4 குண்டின் விட்டமாகத்தான் இருக்க முடியும். சோதனை செய்தவரிடம் அதை உறுதிப்படுத்திக்கொண்டு, அதில் பாதியான 1.2 செ.மீ.-ஐ ஒவ்வொரு நீளத்துடனும் கூட்ட வேண்டும்.

நீளத்துக்கு எதிராக T² வரைபடம் வரைந்தால் இந்தத் தவறு சாய்வைப் பாதிப்பதில்லை. முதல் புள்ளியில் T² 2.465, கடைசியில் 4.080; நீள வித்தியாசம் 0.4 மீட்டர். சாய்வு 4.04, அதிலிருந்து g ஏறக்குறைய 9.78. விட்டுப்போன ஆரத்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல் சற்று மேலே வெட்டும். ஆனால் அந்த வெட்டு மிகச் சிறியது, கையால் எடுத்த நேர அளவுகளின் பிழையிலேயே மறைந்துவிடக்கூடியது. எனவே வெட்டை மட்டும் சான்றாகக் காட்டாமல், வெர்னியர் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விவாதத்தின் மூன்றாவது செய்தி துல்லியம். கடிகாரத்தை அழுத்தும் கை 0.2 வினாடி பிந்தினாலோ முந்தினாலோ 36.2 வினாடியில் அது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். T வர்க்கமாக வருவதால் g-யில் பிழை இரட்டித்து ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். கணிப்பானில் தெரியும் 9.7779-ஐ அப்படியே எழுதுவது இந்தக் கடிகாரத்தால் தர முடியாத துல்லியத்தை அதற்கு ஏற்றிச் சொல்வதாகும். ‘மனிதப் பிழை காரணமாக’ என்ற வழக்கமான ஒற்றை வரி எதையும் விளக்குவதில்லை. எந்த அளவில், எவ்வளவு, எந்தத் திசையில் என்று சொன்னால்தான் அது விவாதம்.

கடைசியாகக் கோணம். சிறு கோணத்தில் ஆட்டச் சொல்வது கையேடு. ஏனெனில் 30 டிகிரி வரை விலக்கினால் அலைவுக்காலம் சுமார் 1.7 சதவீதம் கூடும், g அதற்கேற்பக் குறையும். தாளில் கோணம் இல்லை. ‘5 டிகிரிக்குள் ஆட்டப்பட்டது’ என்று கையேட்டைப் பார்த்து எழுதுவது பொய். ‘கோணம் அளக்கப்படவில்லை’ என்றே செய்முறைப் பகுதியில் எழுத வேண்டும்.

இவை முடிந்த பின் நோக்கம், தத்துவம், பொருட்கள், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு, விவாதம் என்ற வரிசையில் எல்லாம் தம் இடத்தில் அமர்ந்துவிடும். முடிவு வரியில் g = 9.8 m/s² போதும்.