சாமியார் மாறிப் போகிறார்!

புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் என்றதும் பெரியநாயகி மாதா கோயில்தான் நினைவுக்கு வரும். 1697-ல் அங்கே முதல் கோயிலை எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டு ஏசு சபைத் துறவி புஷே. அவரையே சில வருஷங்களில் சபை வடக்கே கர்நாடக மிஷனுக்கு அனுப்பிவிட்டது! இன்றுள்ள கோயில் 1747-ல் பின்வந்தவர்கள் கட்டியது.

சாமியார் மாறிப் போவது அத்தனை பழைய விஷயம். ஆனாலும், பூசை முடிவில் மாறுதல் கடிதத்தை வாசித்ததும் ஜனங்கள், "என்ன தப்புச் செய்தார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

சட்டமோ நேர் எதிராகச் சொல்கிறது. 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 1748-ம் பிரிவு, பங்கை நன்றாக நடத்திவரும் சாமியாரின் மாறுதலைப் பற்றியதே. அவர் வேறிடத்துக்குத் தேவையென்றால், ஆயர் அதை எழுத்தில் தெரிவித்து இணங்கும்படி கேட்கவேண்டும். இஷ்டமில்லையானால் சாமியார் காரணத்தை எழுதித் தரலாம். ஆயர் அதை இரண்டு பங்குச் சாமியார்களுடன் ஆராய்ந்த பிறகே முடிவு செய்வார். பதவி நீக்கத்துக்கு வேறு பிரிவு, வேறு நடைமுறை.

ஆகவே, கடிதத்தின் முதல் வரியிலேயே செய்தி இருக்கட்டும். "நம் சாமியார் இன்ன ஊருக்குப் போகிறார். அங்கே இன்ன வேலைக்கு அவர் தேவைப்படுகிறார். இது தண்டனை அல்ல." அப்புறம், கடைசிப் பூசை எந்த நாள், அடுத்து வருபவர் யார், ஓலை வாசித்த கல்யாணங்களுக்கு யார் பொறுப்பு என்று சொல்லவேண்டும். "தேவ சித்தம்" என்று மட்டும் எழுதினால், மிச்சத்தை வதந்தி எழுதிவிடும்.

உண்மையில் நீக்கமே என்றால், அதை மாறுதல் என்று பூசி மெழுகக்கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால், அடுத்த நல்ல சாமியாரின் மாறுதலையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.