ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன்

28,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் மூன்றாவது மாதமே குளிர்விக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் ஆள் வருகிறார், கேஸ் நிரப்புகிறார், போகிறார். இரண்டு வாரத்தில் பழையபடி பால் திரிகிறது. மறுபடி வருகிறார். நான்காவது முறை கடைக்காரர் சொல்வார்: "கம்பெனியில கேளுங்க சார், நாங்க வித்ததோட சரி."

பில்லும் வாரன்டி கார்டும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். (அச்சு மங்கும் வழவழப்பான பில்லை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.) ஆனால் பில், வாங்கியதைத்தான் காட்டும், பழுதைக் காட்டாது. பழுதைக் காட்டுவது ஒவ்வொரு வருகையின்போதும் எழுதப்படும் ஜாப் ஷீட். அதில் பெரும்பாலும் 'சரிசெய்யப்பட்டது' என்று ஒரே வார்த்தைதான் இருக்கும். நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பின்னாளில் அதே தாள் நமக்கு எதிராக நிற்கும். "நான்கு மணி நேரம் ஓடியும் குளிரவில்லை, இதே பழுது மூன்றாம் முறை" என்று நம் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். தர மறுத்தால் போட்டோ. வீடியோ எடுப்பதானால் உள்ளே வைத்த தெர்மாமீட்டரும் சீரியல் எண்ணும் ஒரே காட்சியில் வரட்டும். போனில் சண்டை போட்டதற்குச் சாட்சி இல்லை. பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

அவசரப்பட்டுத் தெரு முனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறக்கவிடாதீர்கள். வெளியாள் கை வைத்ததால்தான் கெட்டது என்று கம்பெனி வாதிட அது போதும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால் ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆகவே அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடவும் கூடாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அவர்கள் கம்பெனியோடு பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. அதில் தீராவிட்டால் கடை, கம்பெனி இரண்டுக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். டெலிவரி ஆன சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமில்லை. வக்கீலும் கட்டாயமில்லை. கடை, கம்பெனி இரண்டையுமே எதிர்தரப்பாகச் சேர்த்தால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவது எடுபடாது. பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்ப, இழப்பீடு எனக் கேட்பதை மனுவில் தொகையோடு எழுத வேண்டும்.

வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். "அடுத்த வாரம் ஆள் வருவார்" என்ற பதிலை நம்பி உட்கார்ந்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.