பசையில்லாமல் ஒட்டும் காகிதம்

பெங்களூரு பிரேசர் டவுன் வீடுகளில் குப்பை மூன்றாகப் பிரிகிறது. ஈரக் கழிவு பச்சைத் தொட்டிக்கும், டயப்பர் போன்றவை சிவப்புத் தொட்டிக்கும், காகிதமும் பிளாஸ்டிக்கும் பைக்கும் போக வேண்டும். ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ என்னும் இந்த முறையைப் பின்பற்றும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனால் மசூதித் தெருவில் சமோசா மடித்துத் தந்த காகிதத்தை மட்டும் ஏன் அந்தப் பையில் போடக் கூடாது? ஒன்பது வயதுப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்தால் இதற்குத் தாங்களே விடை காணலாம்.

முதல் பிள்ளை பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்து, 20 கிராம் வீதம் இரண்டு பங்காக நிறுக்கிறாள். ஒரு பங்கில் மட்டும் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் தடவுகிறாள். இரண்டாவது பிள்ளை இரண்டையும் தனித்தனி வாளியில் இரவு முழுக்க ஊறவைக்கிறான். மறுநாள் பெரியவர் ஒருவர் எண்ணெய் படாததை முதலில், மற்றதைப் பிறகு மிக்ஸியில் அரைத்துத் தருகிறார். அளவோடு அரைத்தால் போதும். மிஞ்சினால் நார் குட்டையாகிவிடும். மூன்றாவது பிள்ளை ஒவ்வொன்றையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கொசுவலை கட்டிய சட்டத்தைக் கிடையாக முக்கித் தூக்குகிறாள். வலையில் தங்கும் படலத்தைப் பருத்தித் துணியில் கவிழ்த்து, ஸ்பஞ்சால் ஒற்றி, வெயிலில் காயவிடுகிறாள். நான்காவது பிள்ளை குறிப்பேடு எழுதுகிறான்.

குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் போதும்:

தேதி:
எந்தக் கூழ் (எண்ணெய் உண்டா, இல்லையா):
காய எத்தனை மணி நேரம்:
தொட்டால் எப்படி இருக்கிறது:
எத்தனை மில்லிலிட்டரில் அறுந்தது:

கடைசிக் கட்டத்துக்கு ஒரு சோதனை உண்டு. காய்ந்த தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டை வெட்டி, கிளிப்பால் அதில் காலி பாட்டிலைத் தொங்கவிட்டு, துண்டு அறும்வரை அளந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு கூழிலும் மும்மூன்று துண்டுகளைச் சோதிப்பது நல்லது, ஏனென்றால் ஒரு தாளிலேயே தடிப்பு இடத்துக்கு இடம் மாறும்.

இங்கே யாரும் பசை சேர்க்கவில்லை. பிறகு எது ஒட்டியது? காகிதம் என்பது மரத்தின் செல்லுலோஸ் நார். தண்ணீர் காயக் காய நார்கள் நெருங்கி, ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. காய்ந்த துண்டை நனைத்து இழுத்துப் பாருங்கள், எளிதில் பிய்ந்துவிடும். தண்ணீர் நார்களுக்கு இடையே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. எண்ணெயும் நாரின்மேல் படிந்து நாரும் நாரும் தொடவிடாமல் தடுக்கிறது. ஆனால் தண்ணீரைப் போல அது காய்ந்து வெளியேறுவதில்லை. அதனால் எண்ணெய்த் துண்டு குறைந்த எடையிலேயே அறும் என்று எதிர்பார்க்கலாம். பிள்ளைகள் தங்கள் எண்ணைப் பார்த்து முடிவு சொல்லட்டும்.

சுத்தமான காகிதத்துக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நார் தேய்ந்து குட்டையாவதால், சுமார் ஐந்து முதல் ஏழு முறைதான் அது தாளாகும். அதே தாளை மீண்டும் ஊறவைத்து அரைத்து, குறிப்பேட்டில் அடுத்த வரியை எழுதினால், அந்தத் தேய்மானத்தையும் பிள்ளைகளே தேடிப் பார்க்கலாம்.